“நான் குண்டாதான் இருக்கேனாப்பா?” – 14 வயது மகனுக்கு என்ன பதில் சொல்வது?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 14 வயது. கொஞ்சம் பருமனான உடம்பு. சமீப காலமாக வேர்த்துக் கொட்டினாலும் சட்டைக்கு மேல் போட்ட ஜெர்கினைக் கழற்ற மாட்டேன் என்கிறான். விளையாட்டு வகுப்பு இருக்கும் நாளில் மட்டும் காலையில் வயிற்று வலி வந்துவிடுகிறது. இதை முதலில் கவனித்தது என் மனைவி. எதிரில் உட்கார வைத்துக் கேட்டால் அவன் வாயே திறக்க மாட்டான். அதனால் நேற்று இரவு காரில் திரும்பி வரும்போது பேச்சுக் கொடுத்தேன். நான் ஓட்டுகிறேன், அவன் பக்கத்து சீட்டில். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, பேசினான். நினைவில் இருக்கும்வரை அப்படியே எழுதுகிறேன்.

“இந்தப் புழுக்கத்துல எதுக்குடா ஜெர்கின்?”

“சும்மாதான்.”

“யாராவது ஏதாவது சொல்றாங்களா?”

ஒன்றும் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை. அடுத்த சிக்னலில் நின்றபோது அவனாகவே ஆரம்பித்தான்.

“நான் பெஞ்சுல உட்கார்ந்தா, அந்த முனையில இருக்கிறவன் எகிறி விழுற மாதிரி நடிப்பான். எல்லாரும் சிரிப்பாங்க.”

“தினமுமா?”

“ம்ம். அது பரவாயில்லப்பா, பழகிடுச்சு. டிரெஸ் மாத்துற ரூம்லதான்…”

“அங்க என்ன?”

“பின்னாடியிருந்து வந்து நெஞ்சுல பிடிச்சுக் கிள்ளுவாங்க. பொண்ணு மாதிரி இருக்குன்னு சொல்வாங்க.”

எனக்குக் கை நடுங்கியது. குரலை மட்டும் உயர்த்தவில்லை. “சார் யார்கிட்டயாவது சொன்னியா?” என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாது. நீங்களும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் பண்ணவில்லை. “உன்கிட்ட சொல்லாம எதுவும் செய்ய மாட்டேன்” என்று மட்டும் சொன்னேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: “அப்பா, உண்மையைச் சொல்லுங்க. நான் குண்டாதான் இருக்கேனா?” அதற்குள் அவன் அம்மா கதவைத் திறந்துவிட்டாள், இறங்கிப் போய்விட்டான்.

கேள்வி அப்படியே நிற்கிறது. இல்லை என்றால் பொய் என்று அவனுக்குத் தெரியும். ஆமாம் என்று எந்த வாயால் சொல்வது? இன்னொன்று, பள்ளியில் சொல்லக் கூடாது என்கிறானே, அதை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

இரும்புக்கரம்

சார், மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நேராகவே சொல்கிறேன். கிண்டலுக்குக் காரணம் எடை. எடை போனால் கிண்டலும் போகும். பையனின் உயரம், எடையை வைத்து பி.எம்.ஐ. போட்டுப் பாருங்கள். 25க்கு மேல் இருந்தால் அதிக எடை, 30க்கு மேல் போனால் உடல் பருமன். கணக்கு சிம்பிள். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கி, காலையில் ஓட வையுங்கள். ஆறு மாதத்தில் அதே பையன்கள் வாயை மூடுவார்கள். “ஆமாடா, குண்டாத்தான் இருக்க, வா சேர்ந்து குறைப்போம்” என்று ஒரு அப்பா சொல்வதில் தவறே இல்லை. உடற்பயிற்சி செய்தால் தன்னம்பிக்கை வரும், இது நான் கண்ணால் பார்த்தது.

---

மரநிழல்

பள்ளியில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இதே கேள்வியை என் அறையில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் நிறைய பேர். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நெடுவழி, உங்கள் மகனுக்குத் தன் உடம்பின் அளவு தெரியாமல் இல்லை. கண்ணாடி இருக்கிறது, போதாததற்கு ஒரு வகுப்பே தினமும் சொல்கிறது. அவன் உங்களிடம் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. அவர்கள் பார்க்கிற மாதிரிதான் அப்பாவும் என்னைப் பார்க்கிறாரா என்பதுதான் அது. “இல்லடா, யார் சொன்னா, நல்லாத்தான் இருக்க” என்று சொன்னால் அவன் உங்களோடு சண்டை போட மாட்டான். ஆனால் அடுத்த முறை உண்மையைக் கேட்க உங்களிடம் வர மாட்டான். வெறும் “ஆமாம்” என்று நிறுத்தினால், அந்தப் பையன்கள் சொன்னது சரி என்று நீங்களும் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். “ஆமா, ஆனா நீ நல்லா படிக்கிறியே” என்பதும் வேண்டாம். உடம்பு ஒரு குறை, படிப்பு அதற்கு ஈடு என்று அவன் காதில் விழும்.

நானாக இருந்தால் பதிலை இரண்டு துண்டாகப் பிரிப்பேன். உடம்பைப் பற்றிய உண்மையைச் சாதாரணக் குரலில் சொல்வேன். அவன் உயரத்தைப் பற்றிச் சொல்வது எப்படியோ அப்படி. அப்புறம் அவர்கள் செய்கிற காரியத்தைத் தனியாக எடுத்து வைப்பேன். உதாரணமாக: “உன் வகுப்புல பல பேரைவிட நீ பெரிய உடம்புதான். அது பொய் இல்ல. ஆனா உன் உடம்பு எப்படி இருந்தாலும் உன்மேல கை வைக்க ஒருத்தனுக்கும் உரிமை கிடையாது. நீ ஒல்லியா இருந்திருந்தாலும் அவங்க செஞ்சது தப்புதான்.” இத்தோடு நிறுத்திவிட்டு அவன் பேசக் காத்திருங்கள். சும்மா இருந்தாலும் இருக்கட்டும்.

இரும்புக்கரம், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எடை குறைக்கும் பேச்சை இந்தப் பதிலோடு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் பையன் போடும் கணக்கு இதுதான்: நான் இளைத்தால் அடி நிற்கும், அப்படியானால் அடி வாங்குவது என் தப்பு. அப்புறம் 25, 30 என்ற அந்த எல்லைகள் பெரியவர்களுக்கு உரியவை. வளரும் பிள்ளைக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 5 முதல் 19 வயதுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2007இல் தனி வளர்ச்சி அட்டவணை வெளியிட்டிருக்கிறது. மருத்துவர்கள் பார்ப்பது அந்த மாதிரி அட்டவணையைத்தான். அதிலும் ஒரு தடவை எடுத்த அளவைவிட, சில வருடங்களாகக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

நெஞ்சைப் பற்றித் தனியாக ஒன்று. பருவமடையும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்புக் காம்புக்குக் கீழே கொஞ்சம் கெட்டியாகச் சுரப்பித் திசு திரளும், தொட்டால் வலிக்கவும் செய்யும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது. ஒல்லியான பையன்களுக்கும் வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே வற்றிவிடும். இதைப் பையன்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வெயிலில் ஜெர்கின் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் மகனுக்கு இருப்பது அதுவா, வெறும் கொழுப்பா, இரண்டும் கலந்ததா என்று மருத்துவர் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடுவார். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தாலோ, சீக்கிரமாகப் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் வந்தாலோ தள்ளிப் போடாமல் காட்டுங்கள்.

---

மல்லிகைப்பந்தல்

என் மகளுக்கும் இதே பிரச்சினைதான். அவள் ரொம்ப ஒல்லி. எவ்வளவு கொடுத்தாலும் உடம்பில் ஒட்ட மாட்டேன் என்கிறது. குச்சி, எலும்புக்கூடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பசி எடுக்க ஏதாவது டானிக் இருந்தால் சொல்லுங்களேன். மருந்துக் கடையில் ஒன்று கொடுத்தார்கள், குடித்தால் தூக்கம் தூக்கமாக வருகிறது.

---

மரநிழல்

மல்லிகைப்பந்தல், அந்த டானிக்கை நிறுத்திவிட்டு, பாட்டிலோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். பசிக்கென்று தரும் சில மருந்துகள் உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்துகள், தூக்கம் வருவது அதனால்தான். மகளைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து எழுதுகிறேன். ஒன்று மட்டும் இங்கேயே சொல்லலாம்: ஒல்லியாக இருக்கும் உங்கள் மகளையும் விடவில்லை பாருங்கள். இளைத்தால் கிண்டல் நின்றுவிடும் என்பதற்கு அதுவே பதில்.

---

கடைசிபெஞ்ச்

எனக்கு இப்போது 23 வயது. இந்தப் பையன் இடத்தில் நான் இருந்தவன். அந்த பெஞ்சு விளையாட்டு என் வகுப்பிலும் உண்டு.

கிண்டலை நிறுத்துவதற்காக நான் என்ன செய்தேன் என்று பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன். சாப்பாட்டுப் பெட்டியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, காலி பெட்டியோடு வீட்டுக்கு வருவேன். அம்மாவுக்கு சந்தோஷம், பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று. சாயங்காலம் பசி தாங்காது. எல்லோரும் டிவி பார்க்கும்போது சமையலறையில் நின்றபடியே கையில் கிடைத்ததை எல்லாம் வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவேன். அப்புறம் அவமானமாக இருக்கும், மறுநாள் காலையும் சேர்த்துப் பட்டினி. ஒரு வருடத்தில் எடை ஏறியதே தவிர இறங்கவில்லை. ஒருநாள் அசெம்பிளியில் மயங்கி விழுந்தேன். குண்டுப் பையன் பட்டினியால் மயங்கி விழுவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, வெயில் என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சு விஷயம் எனக்கும் இருந்தது, பதினாறு வயதில் தானாகப் போய்விட்டது. அது போகும் என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மரநிழல் எழுதியதில் எல்லாம் உடன்படுகிறேன். பள்ளிக்கூடத்தில் சொல்லும் விஷயத்தில் மட்டும் எனக்குப் பயம் இருக்கிறது. எங்கள் அப்பா போய்ப் புகார் கொடுத்தார். மறுநாள் ஆசிரியர் வகுப்பில் என்னை எழுந்து நிற்க வைத்து, “இவனை இனிமேல் யாரும் குண்டு என்று கூப்பிடக் கூடாது” என்றார். கூப்பிடவில்லைதான். நான் போகும் இடமெல்லாம் “கூப்பிடக் கூடாதாம்” என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்தப் பையன் சொல்லாதீர்கள் என்று கெஞ்சுவது சும்மா இல்லை சார்.

---

மரநிழல்

கடைசிபெஞ்ச், உங்களுக்கு நடந்தது என்னை உலுக்குகிறது. அந்த ஆசிரியர் செய்த மாதிரி இப்போதும் பல இடத்தில் நடக்கிறது. இரண்டு பையன்களையும் ஒரே அறையில் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்வதும் அதே ரகம்தான். வலுவில் சமமாக இல்லாத இரண்டு பேரைச் சமாதானம் பேச வைத்தால், பலவீனமானவன் பயத்தில் தலையாட்டிவிட்டு வருவான்.

ஆனாலும் இந்த விஷயத்தைப் பள்ளிக்கு எடுத்துப் போகாமல் இருக்க முடியாது. பெயர் வைத்துக் கூப்பிடுவது மட்டும் என்றால் பையன் கேட்கிறபடி கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்பேன். இங்கே உடம்பில் கை வைக்கிறார்கள், அதுவும் கதவை மூடிய அறையில். நெடுவழி சத்தியம் பண்ணாமல் இருந்தது ரொம்ப நல்லது. பண்ணியிருந்தால் இப்போது ஒன்று வாக்கை மீற வேண்டும், இல்லை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

செய்ய வேண்டியதை முதலில் மகனிடமே சொல்லுங்கள். “சொல்லட்டுமா வேண்டாமா” என்று கேட்காதீர்கள், ஏனென்றால் அதை அவன் முடிவுக்கு விட உங்களால் முடியாது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, எது வெளியே தெரியக் கூடாது என்பதை அவன் முடிவு செய்யட்டும். அவனுக்கு எந்த ஆசிரியர்மேல் நம்பிக்கை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவராவது இருப்பார். அவரைச் சாயங்காலமாக, பிள்ளைகள் போன பிறகு பாருங்கள். ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த இடம், எந்த வகுப்பு நேரம், என்ன செய்தார்கள், யார் பார்த்தார்கள். “கேலி செய்கிறார்கள்” என்று எழுதினால் பையன்கள் அப்படித்தான் என்று சொல்லிவிடுவார்கள். “உடை மாற்றும் அறையில் பின்னாலிருந்து வந்து நெஞ்சில் கிள்ளுகிறார்கள்” என்று எழுதினால் அப்படிச் சொல்ல முடியாது. செல்போன் குரூப்பில் படமோ வீடியோவோ போட்டிருந்தால், அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது தண்டனை இல்லை, கண்காணிப்பு. அந்த அறையில் ஒரு பெரியவர் இருந்தால், அவர் கண்ணாலேயே பார்த்துப் பிடிப்பார். யார் சொன்னது என்ற பேச்சே வராது. உங்கள் மகன் பெயர் வெளியே வராமல் இருக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. அந்தப் பையனின் அப்பாவுக்கு நீங்களே போன் போடாதீர்கள். இரண்டு அப்பாக்கள் மோதிக்கொண்டால் அதன் விலையை மறுநாள் வகுப்பில் மகன்தான் கொடுப்பான்.

இன்னொன்று, கடைசிபெஞ்ச் எழுதியதை எல்லோரும் திரும்பப் படியுங்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது, ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வது, ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு உடற்பயிற்சி, தலைசுற்றல். பையன் பெரிய உடம்பாக இருக்கிறான் என்பதால் இவற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை, எடை இறங்கினால் பாராட்டு வேறு கிடைக்கும். வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு சொல் வந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

---

விசில்

நான் விளையாட்டு ஆசிரியர். உடை மாற்றும் அறைக்குள் நாங்கள் நின்றுகொண்டே இருக்க முடியாது, பிள்ளைகளுக்குக் கூச்சம், எங்களுக்கும் அது சரியில்லை. நான் செய்வது இதுதான்: கதவு பாதி திறந்திருக்கும், நான் வெளியே வாசலிலேயே நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பேன், ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் கிடையாது. வேண்டியவர்கள் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு வரலாம், வீட்டிலிருந்தே விளையாட்டு உடையோடும் வரலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி வைத்துவிட்டேன். பொதுவாகச் சொன்னதால் யாரும் தனியாகத் தெரிவதில்லை. இரண்டு கேப்டன்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அணி பிரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். கடைசியாக நிற்கும் பையனின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எண் சொல்லிப் பிரித்தால் முடிந்தது வேலை.

எடை எடுக்கும் நாளில் எண்ணை உரக்கப் படிப்பதும் இருக்கக் கூடாது. சில பள்ளிகளில் இன்னும் வரிசையில் நிற்க வைத்து ஒருவர் படிக்க ஒருவர் எழுதுகிறார்கள். உங்கள் பள்ளியில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.

---

இரும்புக்கரம்

மரநிழல் மேடம், 25 விஷயம் எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்றால், நாளைக்குப் பையனுக்குச் சர்க்கரை நோய் வந்தால் யார் பொறுப்பு? மனசு புண்படும் என்று உடம்பை விட்டுவிடுவதா?

---

மரநிழல்

உடம்பை விடச் சொல்லவில்லை, இரும்புக்கரம். கவலைப்பட வேண்டிய விஷயம்தான் அது. கழுத்தின் பின்பக்கம், அக்குளில் தோல் தடித்துக் கறுத்துப் போனால் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். தூக்கத்தில் பலத்த குறட்டை, பகலில் தூங்கி வழிவது என்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். எந்தப் பேச்சை வீட்டில் எடுப்பது, எதை மருத்துவரிடம் விடுவது என்பதுதான் விஷயம்.

அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. உடல் பருமனையும் உணவுக் கோளாறுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அறிக்கை. வளரிளம் பிள்ளைகளை டயட் இருக்க வைக்காதீர்கள், சாப்பாட்டு வேளையைத் தவிர்க்க விடாதீர்கள், வீட்டில் எடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள், எடையை வைத்துக் கேலி வேண்டவே வேண்டாம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்பதுதான் சாரம். டயட் இருக்கும் பிள்ளைகள் பின்னால் எடை கூடுவதும், அடக்க முடியாமல் சாப்பிடுவதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

பையனுக்கு 14 வயது. பையன்கள் சடசடவென்று உயரும் காலம் சராசரியாக 13, 14 வயதில்தான் உச்சத்துக்கு வரும், பலருக்கு இன்னும் தள்ளியும் போகும். அதற்கு முன்னால் இடுப்பில் சதை போடுவதும் சகஜம். இந்த வயதில் மருத்துவர்கள் பல நேரம் எடையை அப்படியே நிறுத்திவைத்து, உயரம் வந்து சேர விடுகிறார்கள். அதற்கு ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்க வேண்டியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, எல்லோரும் நடப்பது. பையனுக்கு மட்டும் தனித் தட்டு வைத்த அன்றைக்கே, பள்ளியில் நடப்பது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்றுதான் அவன் நினைப்பான்.

---

இரும்புக்கரம்

எல்லோரும் சேர்ந்து என்பது சரி. ஆனால் பையன் தானாகவே இளைக்க வேண்டும் என்று கேட்டால்? என் அக்கா மகன் அப்படித்தான் கேட்டான், நான் ஓட அழைத்துப் போனேன், இன்று நன்றாக இருக்கிறான். ஆசைப்படுபவனைத் தடுக்க முடியுமா?

---

மரநிழல்

தடுக்க வேண்டாம். எதற்காக என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பந்து விளையாடும்போது மூச்சு வாங்குகிறது என்பவனும், அவர்கள் கிள்ளுவதை நிறுத்த வேண்டும் என்பவனும் ஒன்றில்லை. இரண்டாமவனை ஓட அழைத்துப் போவதற்கு முன் அந்தக் கையை நிறுத்த வேண்டும்.

---

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் காரில் பேசினோம். மரநிழல் எழுதியதை என் வாய்க்கு வரும்படி மாற்றிக்கொண்டேன்.

“அன்னைக்கு ஒண்ணு கேட்ட, ஞாபகம் இருக்கா?”

“ம்ம்.”

“உன் வகுப்புல பல பேரைவிட நீ பெரிய உடம்புதான். நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கும் அவங்க உன்மேல கை வைக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ எப்படி இருந்தாலும் அது தப்பு.”

வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம் கேட்டான்: “அப்போ இளைக்கச் சொல்ல மாட்டீங்களா?”

“இதுக்காகச் சொல்ல மாட்டேன்.”

“ஆனா அத்தை சொல்றாங்களே.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பள்ளியில் அவனுக்கு வைத்திருக்கும் பெயர், என் அக்கா அவனைச் சின்ன வயதிலிருந்து கூப்பிடும் செல்லப் பெயர். என்ன பெயர் என்று இங்கே எழுத மனமில்லை. பள்ளியின் போன ஆண்டு விழாவில் கூட்டத்துக்கு நடுவே அக்கா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பின்னால் நின்ற இரண்டு பையன்கள் காதில் விழுந்திருக்கிறது. “அவங்களா வச்ச பேர் இல்லப்பா. நம்ம வீட்ல வச்ச பேரு” என்றான்.

நெஞ்சு விஷயத்தையும் சொன்னேன், பாதிப் பையன்களுக்கு வரும், ஒல்லியானவர்களுக்கும் வரும் என்று. “நிஜமாவா?” என்று மூன்று தடவை கேட்டான். “போயிடுமா?” என்றான். பெரும்பாலும் போய்விடும், ஆனால் உனக்கு இருப்பது அதுதானா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும் என்றேன். வருகிறேன் என்றான், அம்மா வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்றும் சொன்னான்.

பள்ளி விஷயத்தில் கோபித்துக்கொண்டான். “கேக்காம செய்ய மாட்டேன்னு சொன்னீங்களே” என்றான். “உன்கிட்ட சொல்லாம செய்ய மாட்டேன்னுதான் சொன்னேன், இப்ப சொல்றேன்” என்றேன். உன்மேல் கை வைத்திருப்பதால் இதை விட முடியாது, யாரிடம் என்று மட்டும் நீ சொல் என்றேன். வீடு வந்து சேரும்வரை பேச்சில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது அறிவியல் ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டுப் போனான். “என் பேர் வரக் கூடாது” என்றான்.

இப்போது எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருப்பது அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர், பாசமாகத்தான் கூப்பிடுகிறார். எப்படிச் சொல்வது?

---

மல்லிகைப்பந்தல்

தம்பி, நானும் ஒரு அத்தைதான், அதனால் சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். தனியாகப் போன் போட்டு, “அக்கா, அந்தப் பெயரை வைத்துப் பள்ளியில் அவனை ரொம்பப் படுத்துகிறார்கள், இனிமேல் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்” என்று சொல்லுங்கள். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று ஆரம்பித்தால் அவருக்கு அழுகையும் கோபமும்தான் வரும். பிள்ளை கஷ்டப்படுகிறான் என்று கேட்டால் எந்த அத்தையும் மறுபடி அப்படிக் கூப்பிட மாட்டாள்.

---

கடைசிபெஞ்ச்

கூப்பிடுவார்கள் அம்மா. என் சித்தப்பா இன்றைக்கும் கூப்பிடுகிறார், “கேலிகூட தாங்க மாட்டானா” என்பார். நெடுவழி சார், அத்தை மறந்துபோய்க் கூப்பிட்டால் அந்த இடத்திலேயே நீங்கள் குறுக்கே வந்து அவன் பெயரைச் சொல்லிவிடுங்கள். சண்டை வேண்டாம், பெயரை மட்டும். எனக்காக ஒருவர் அப்படி ஒருமுறை சொல்லியிருந்தால் போதும் என்று நான் நினைத்ததுண்டு.

---

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். அறிவியல் ஆசிரியரைச் சாயங்காலம் பார்த்தேன். எழுதிக் கொண்டுபோன பக்கத்தை இரண்டு தடவை படித்தார். விளையாட்டு ஆசிரியரோடு பேசி, உடை மாற்றும் நேரத்தில் வாசலில் ஒருவர் நிற்க ஏற்பாடு செய்திருக்கிறார். விளையாட்டு உடையோடு வீட்டிலிருந்தே வரலாம் என்று வகுப்புக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். கிள்ளுவது நின்றிருக்கிறது என்கிறான். பெஞ்சு விளையாட்டு நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், போகிறேன்.

மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, வயசு மாற்றம்தான், கூடவே கொஞ்சம் சதையும் இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். எடை எடுத்தபோது எண்ணைச் சொல்லாமல் எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன், சரி என்றார். வளர்ச்சிக் கோட்டில் பழைய அளவுகளையும் வைத்துப் பார்க்க வேண்டுமாம், பள்ளியில் எடுத்த பதிவுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழுதார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது பாதிப் பெயர் வாயில் வந்துவிட்டது, சட்டென்று நிறுத்திக்கொண்டார். மகன் கவனித்தான் என்றுதான் நினைக்கிறேன், ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் இன்னும் யோசனை தேவைப்படுகிறது. பெஞ்சு முனையில் எகிறி விழுகிற பையன், ஐந்தாம் வகுப்பிலிருந்து இவனுக்கு நண்பன். பிறந்தநாளுக்கெல்லாம் வீட்டுக்கு வந்தவன். “அவனை மட்டும் மாட்டி விடாதீங்கப்பா, அவன் மத்தவங்களுக்காகத்தான் செய்யறான்” என்கிறான் மகன். ஆசிரியரிடம் அந்தப் பையன் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை.

---

விசில்

பெயர் சொல்ல வேண்டாம் சார். உட்காரும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள், வகுப்பு முழுவதற்கும். நண்பனாகத் தொடர்வதா என்பதை உங்கள் மகன் பார்த்துக்கொள்ளட்டும்.

---

மரநிழல்

இடம் மாற்றுவது நல்ல யோசனை. ஆனால் அதோடு விட முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். கிள்ளியவர்களைவிட இந்தப் பையன் சிரிக்க வைப்பதுதான் உங்கள் மகனுக்கு அதிகம் வலிக்கும் என்று நினைக்கிறேன். அதைத் தன் வாயால் நண்பனிடம் சொல்ல அவனுக்கு விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். “நீ அப்படிச் செய்யும்போது எனக்குக் கஷ்டமா இருக்கு, செய்யாத” என்று தனியாக இருக்கும்போது ஒரு வாக்கியம் போதும், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். வேண்டுமானால் காரிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும், நீங்கள் நண்பனாக இருந்து பதில் சொல்லுங்கள், முதல் தடவை சிரித்து மழுப்புகிற நண்பனாகவே இருங்கள். அங்கே என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

---

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். எப்படிப் போனது என்று இங்கேயே எழுதுகிறேன்.